கான்கிரீட் போடும் முன்பு: சைட்டில் பெண் இன்ஜினியர் சொல்வது காதில் விழாதபோது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பதினான்கு வருடங்களாகக் கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். கம்பி செக்கிங்கும் கான்கிரீட் போடுவதும்தான் என் வேலையின் பெரும்பகுதி. புதிதாகச் சைட்டுக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றை எடுத்து, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெரும்பாலும் ஸ்லாப் போடும் நாளையும் அதற்கு முந்தைய நாளையும் சுற்றியே பேசுவேன். நம்மைக் கண்டுகொள்கிறார்களா இல்லையா என்பது அந்த இரண்டு நாளில்தான் வெளியே வரும்.

நான் சொன்னதற்கு மேஸ்திரி தலையாட்டுகிறார். அடுத்த நிமிடமே என் ஜூனியர் பையனிடம் போய் "சார், அப்படித்தானா?" என்று கேட்கிறார். என்ன செய்வது?

மேஸ்திரியிடம் சண்டை போட வேண்டாம். இந்த வழியை அடைக்கக்கூடியவர் அந்த ஜூனியர்தான். அன்று மாலை அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கோபமாகப் பேச வேண்டியதில்லை. அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை வார்த்தை மாறாமல் சொல்லிக்கொடுங்கள்: "இந்த ஃப்ளோர் மேடம்தான் பார்க்கிறாங்க, அவங்ககிட்டயே கேளுங்க."

பல நல்ல பையன்கள் உதவி செய்வதாக நினைத்து "ஆமா அண்ணே, மேடம் சொன்னது சரிதான்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேஸ்திரியின் மனதில் பதிவது, மேடம் சொன்னால் சாரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான். அடுத்த முறையும் அவர் அங்கேதான் போவார். விடை தெரிந்திருந்தாலும் ஜூனியர் சொல்லக்கூடாது. திருப்பி உங்களிடம் அனுப்ப வேண்டும். என் அனுபவத்தில் நாலைந்து முறை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டால், மேஸ்திரி நேராக நம்மிடம் வந்துவிடுவார். இரண்டு ஃப்ளோர் ஏறி இறங்க யாருக்கு ஆசை?

உங்கள் மேனேஜரிடமும் இதையே சொல்லி வையுங்கள். மேஸ்திரி போனில் அவரைப் பிடித்து, "மேடம் ஸ்டிரப் இடைவெளியை மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?" என்று கேட்பார். முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்தான் ஸ்டிரப். மேனேஜர் ட்ராயிங்கைப் பார்க்காமலே "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று சொல்லிவிட்டால் உங்கள் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேஸ்திரிக்குக் கூலி கட்டிய கம்பியின் டன் கணக்கில் வருகிறது. பிரித்துக் கட்டினால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்லும் புது இன்ஜினியர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். அதனால் ஆண்களையும் அவர் சோதிப்பார். ஒரு வித்தியாசம்: ஆணுக்கு அது ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கோ ஒவ்வொரு புது கேங் வரும்போதும் முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வாயால் சொன்ன எதையும் கார்பன் வைத்த சைட் நோட்டில் ஒரு வரியும் ஒரு படமுமாக எழுதி, மேல் தாளைக் கிழித்து மேஸ்திரி கையில் கொடுத்துவிடுவேன். யாரிடம் போய்க் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதில் என் கையெழுத்து இருக்கும்.

முதல் வாரம் என்னென்ன கேட்டுச் சோதிப்பார்கள்? அது சோதனைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிஜமான சந்தேகம் இருப்பவர் வேலை நடக்கும் இடத்தில் நின்று, கையில் கம்பியோடு கேட்பார். பதில் வந்ததும் குனிந்து வேலையைப் பார்ப்பார். சோதிக்க வருபவர் நாலு பேர் சுற்றி நிற்கும்போது கேட்பார். கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார், கம்பியைப் பார்க்க மாட்டார்.

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது கம்பியின் எடை. "பன்னெண்டு எம்எம் ஒரு மீட்டர் எவ்வளவு மேடம்?" விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12-க்கு 0.889, 10-க்கு 0.617. மேஸ்திரிகளுக்கு இது மனப்பாடம், அவர்கள் கூலியே இதில்தான் இருக்கிறது. உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். கட்டு கலந்து வந்து, 10-ஆ 12-ஆ என்று கண்ணால் பிரிக்க முடியாத நாளில் ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, டியூப் லெவல். ஒரு முனையை உங்களிடம் கொடுத்து "லெவல் சொல்லுங்க" என்பார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் சரியான மட்டத்தில் நிற்காது. தெரியாமல் குமிழியோடு கொடுத்தவர்களும் உண்டு, தெரிந்தே கொடுத்தவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் லெவல் எடுப்பதற்கு முன்பு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் குமிழியைத் தட்டி வெளியேற்றுங்கள். இதைப் பேசாமல் செய்தாலே போதும், மறுமுனையில் நிற்பவருக்குப் புரிந்துவிடும்.

தெரியாததைக் கேட்டால் சமாளிக்காதீர்கள். "ட்ராயிங் பார்த்துட்டு பதினோரு மணிக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். முக்கியமானது அந்தப் பதினோரு மணி. அவர் மறந்திருந்தாலும் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

கம்பியில் தவறு இருக்கிறது என்று சொன்னால், "இருபது வருஷமா இப்படித்தான் கட்டறோம், எதுவும் விழலை" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அனுபவத்தோடு வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. அளந்து காட்டினால் முடியும். நான் சந்தித்த ஒரு நாளையே சொல்கிறேன்.

ஒரு குடியிருப்பு வேலை. சுவரிலிருந்து 1.2 மீட்டர் வெளியே நீளும் பால்கனி, ஸ்லாபின் கனம் 150 மி.மீ. தாங்கு தூண் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள ஸ்லாப் என்பதால் பாரம் ஏறும்போது மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். ட்ராயிங்கில் 10 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளியில், மேலே 25 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். எண்ணிக்கை சரி, இடைவெளி சரி, உள்பக்க ஸ்லாபுக்குள் ஓடியிருந்த நீளமும் சரி. மேலிருந்து போட்டோ எடுத்தால் குறையே தெரியாது.

ஆனால் எலக்ட்ரிக்கல் பைப் போட வந்தவர்கள் காலை முழுக்க அதன் மேல் நடந்திருந்தார்கள். மேல் கம்பியைத் தாங்கும் சேர் ஒன்றுகூட வைக்கப்படவில்லை. ஓரத்துக் கம்பிகளை மட்டும் செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். நடுவில் தொங்கியது.

சொன்னேன். கேங்கில் பெரியவர் சிரித்துவிட்டு, "கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கிடுவோம் மேடம்" என்றார். கான்கிரீட் வண்டி மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள், அப்போது இரண்டரை.

நான் வாதத்துக்குப் போகவில்லை. எதிரெதிர் பக்கப் பலகைகளின் மேல் விளிம்பில் நூல் கட்டச் சொன்னேன். நூல்தான் ஸ்லாபின் மேல்மட்டம். அங்கிருந்து கம்பியின் தலைவரை ஸ்கேல் வைத்தால் 25 வர வேண்டும். நான் வைக்காமல் ஸ்கேலைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர்தான் படித்தார்: 65.

அது வெறும் நாற்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்கு இப்படி. ஸ்லாபின் பலம் அதன் முழுக் கனத்தில் இல்லை. கீழ் விளிம்பிலிருந்து கம்பியின் மையம்வரை உள்ள ஆழத்தில்தான் இருக்கிறது. ட்ராயிங்படி அது 150-லிருந்து கவர் 25-ஐயும் கம்பியின் பாதி 5-ஐயும் கழித்தால் 120. இப்போது இருப்பது 80. வளைவைத் தாங்கும் சக்தி ஏறக்குறைய அந்த ஆழத்தின் விகிதத்தில் குறையும் என்பதால், கம்பி ஒன்றுகூடக் குறையாமலே மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. அன்றைக்கே விழுந்துவிடாது. முதலில் சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் ஒரு விரிசல் ஓடும், மழைத்தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். "எதுவும் விழலை" என்று அவர் சொன்னது பொய் இல்லை. கேங் அடுத்த சைட்டுக்குப் போன பிறகு நடப்பதை அவர் பார்த்திருக்க வழியில்லை.

இந்தக் கணக்கை அங்கே சொல்லவில்லை. ஜாயிண்ட்டில் வைக்கும் ஃபோம் பட்டை ஒன்று கிடந்தது. அதன் மேல்பக்கமும் கீழ்பக்கமும் பிளேடால் கீறிவிட்டு, ஒரு முனையை மேஜைமேல் அழுத்திப் பிடித்து மறுமுனையைக் கீழே தள்ளினேன். மேல் கீறல் வாய் பிளந்தது, கீழ்க் கீறல் மூடிக்கொண்டது. "அண்ணே, கம்பி எந்தப் பக்கம் வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

பிறகு வேலை சுலபம். 12 மி.மீ. துண்டுகளை வளைத்து சேர் செய்தோம். நாலு மீட்டர் நீளத்துக்கு இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு. நடப்பதற்குக் கம்பியைத் தொடாமல் தனித் தாங்கல் கொடுத்துப் பலகை போட்டோம். நாற்பது நிமிடம் ஆனது. நூலிலிருந்து மறுபடி அளந்தபோது எல்லா இடத்திலும் 25-க்கும் 30-க்கும் நடுவே வந்தது. வண்டி இருபது நிமிடம் காத்திருந்தது, அதற்கு மேனேஜர் என்னைக் கேள்வி கேட்டார், நோட்டில் எழுதியிருந்த 65-ஐக் காட்டினேன்.

கொக்கியால் தூக்குவது ஏன் சரிப்படாது என்று கேட்பீர்கள். தூக்கிய கம்பி கொக்கியை எடுத்ததும் இறங்கிவிடும். எங்கே எவ்வளவு இறங்கியது என்று கான்கிரீட்டுக்குள் யாரும் பார்க்க முடியாது.

என் கையெழுத்து இல்லாமலே ஸ்லாப் போட்டுவிட்டார்கள். மறுநாள் பழைய தேதியில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கான்கிரீட் போடும் முன்பு சென்ட்ரிங், கம்பி, கவர், பைப் எல்லாம் பார்த்தாயிற்று என்று கையெழுத்தாகும் தாளைத்தான் போர் கார்டு என்கிறோம். நாம் பார்க்காத கம்பிக்கு நம் பெயர் சாட்சி ஆகிவிடக்கூடாது. அன்றைக்கே மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள்: எந்த ஸ்லாப், எத்தனை மணிக்குப் போட்டார்கள், எந்த நேரம்வரை நீங்கள் பார்த்திருந்தீர்கள், பார்க்காதது எது. குற்றச்சாட்டு வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். பிறகு கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்குமிடத்தைக் காட்டும் கவர் மீட்டரால் இடைவெளியையும் கவரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பால்கனி மாதிரி இடமாக இருந்தால் டிசைன் இன்ஜினியர் சொல்லாமல் அடியில் கொடுத்த முட்டுகளை எடுக்கவே கூடாது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

இது மறுபடி நடக்காமலிருக்க ஒரே வழி, ரெடிமிக்ஸ் ஆர்டரையும் கையெழுத்தையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது. நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் கார்டு நம்பர் சொன்னால்தான் பிளாண்ட்டுக்கு ஆர்டர் போகும் என்று மேனேஜர் வைத்தார். அதுவரை என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனவர்கள், காலை ஏழு மணிக்கு "மேடம் எங்க?" என்று தேட ஆரம்பித்தார்கள். என்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. வேலை நகர நான் தேவைப்பட்டேன். மரியாதைக்கு அதற்குப் பிறகு பல மாதம் ஆனது.

நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் வண்டியில் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். சொன்னாலும் "கொஞ்சம்தான் மேடம்" என்கிறார்கள்.

அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் போடுவோம். ஆறு கன மீட்டர் வண்டி. ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் 360 கிலோ, தண்ணீர் 162 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 0.45. ஹோஸைத் திறந்து அறுபது லிட்டர் விட்டால் கன மீட்டருக்குப் பத்து லிட்டர் கூடும், விகிதம் 0.48-ஐத் தொடும். சைட்டில் பழகிய கணக்குப்படி ஐந்து லிட்டருக்கு, கான்கிரீட் எவ்வளவு இளக்கம் என்று காட்டும் ஸ்லம்ப் சுமார் 25 மி.மீ. ஏறும், பலம் ஒரு மெகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே குறையும். பத்து லிட்டருக்கு இரண்டிலிருந்து மூன்று மெகாபாஸ்கல். 30 மெகாபாஸ்கல் கேட்ட இடத்தில் பத்தில் ஒரு பங்கு அருகே போய்விட்டது. பலம் பார்க்க வார்த்து வைத்த கியூப் உடைக்கும் 28-ஆம் நாள்தான் அது தெரியும், அதுவும் தண்ணீர் விட்ட பிறகு கியூப் எடுத்திருந்தால்.

ஊற்றுகிறவர் உங்களை அவமதிக்கத்தான் ஊற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டியான கான்கிரீட்டை இழுத்துத் தள்ளுவது முதுகு ஒடியும் வேலை. "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிழலில் நின்றால் அவர் ஊற்றத்தான் செய்வார். நான் செய்வது இது: வண்டி வந்ததும் கொஞ்சம் கான்கிரீட்டை இறக்கவிட்டு, பிறகு வருவதில் ஸ்லம்ப் எடுப்பேன். 300 மி.மீ. உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. கேட்டதைவிடக் குறைவாக இருந்தால், பிளாண்ட் ஆளைக் கூப்பிட்டு, தண்ணீருக்குப் பதில் அவர்கள் அனுமதிக்கும் அளவு பிளாஸ்டிசைசர் கலந்து டிரம்மைச் சுற்றவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வேன். வைப்ரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டும் ஒன்று மாற்றுக்குத் தயாராகவும் இருக்கும். கான்கிரீட் சுலபமாக ஓடினால் ஹோஸை யாரும் தேட மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். நான் இல்லாத நேரத்தில் தண்ணீர் விட்டதை எனக்கு முதலில் சொன்னது ஒரு சித்தாள் அக்கா. எங்கே எது நடக்கிறது என்று அவர்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், யாரும் அவர்களைக் கேட்பதில்லை. அவர் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. அடுத்த வண்டியின் அருகே நானே போய் நின்றேன், அவ்வளவுதான்.

எப்படிப் பேசுவது? கத்தினால்தான் கேட்பார்களா? மேஸ்திரியை "அண்ணே" என்று கூப்பிடலாமா?

கூப்பிடலாம். வயதில் மூத்தவரை "அண்ணே" என்பதில் அதிகாரம் ஒன்றும் குறையாது. அந்த அண்ணே வாக்கியத்தின் முடிவுவரை இழுத்துக்கொண்டு போய், "அண்ணே, கொஞ்சம் முடிஞ்சா அந்தக் கம்பியை…" என்று கெஞ்சலாகும்போதுதான் குறையும். "அண்ணே, மூணாவது பீமில் ஸ்டிரப் 150-ல் இருக்கு, 100 வேணும். பன்னெண்டு மணிக்கு வந்து பார்ப்பேன்." இடம், இருப்பது, வேண்டியது, நேரம். இந்த நாலும் இருந்தால் சத்தம் தேவைப்படாது.

அவர்கள் உங்களைப் "பாப்பா" என்றோ "தங்கச்சி" என்றோ கூப்பிட்டால் முதல் நாளிலேயே, சிரித்த முகத்தோடு, "இன்ஜினியர்னு கூப்பிடுங்க, இல்லை மேடம்னு கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் விட்டுவிட்டுச் சொன்னால் கோபம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். சிலர் பழக்கத்தில் "சார்" என்பார்கள். அதைத் திருத்த நான் நேரம் செலவழிப்பதில்லை.

"சாரத்துல ஏறிப் பாருங்க மேடம்" என்று வேண்டுமென்றே ஏறச் சொல்கிறார்கள். ஏறாவிட்டால் பயம் என்பார்கள்.

ஏற வேண்டியது நம் வேலை. சவாலுக்காக ஏறுவது வேலை இல்லை. அடியில் பேஸ் பிளேட் உண்டா, பலகை முழு அகலத்துக்கு இருக்கிறதா, கைப்பிடி உண்டா, ஏணியின் தலை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும், "இதைச் சரி பண்ணுங்க, அதுவரைக்கும் நீங்களும் ஏறக்கூடாது" என்று சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதி முக்கியம். சரிசெய்ததும் முதலில் ஏறிவிடுங்கள். உங்கள் அளவுக்குப் பொருந்தும் ஷூவும் ஹார்னஸும் கேட்டு வாங்குங்கள். தளர்ந்த தொடைப்பட்டை விழும்போது காப்பாற்றாது.

சோதனைக்கும் தொல்லைக்கும் கோடு எங்கே?

சோதனை வேலையைப் பற்றியது. பதில் சொன்னதும் முடிந்துவிடும். உடல், உடை, வீடு, கல்யாணம் என்று பேச்சு திரும்பினால், தொட்டால், வழியை மறித்தால், மேலே இருக்கும்போது ஏணியை எடுத்தால் அது சோதனை இல்லை. ஏணியை எடுத்தது விளையாட்டு என்பார்கள், அது பாதுகாப்பு விபத்து என்றே பதிவாக வேண்டும். அன்றைக்கே தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர்கள் என்று எழுதி வைத்து, எழுத்திலேயே புகார் கொடுங்கள். வேலையிடத்து வன்முறை, தொல்லை பற்றி 2019-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை ஒப்பந்தத் தொழிலாளரையும் பயிற்சிக்கு வந்தவரையும்கூட உள்ளடக்குகிறது. "அவன் நம்ம கம்பெனி ஆள் இல்லை, சப் கான்ட்ராக்ட்" என்று யாராவது கைகழுவினால் ஏற்காதீர்கள்.

நான் புராஜெக்ட் மேனேஜர். எங்கள் சைட்டுக்கு முதல் முறையாகப் பெண் இன்ஜினியர் வருகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் காலை எல்லா மேஸ்திரிகளும் கூடும் நேரத்தில், அவர் எதற்குப் பொறுப்பு என்று சொல்லுங்கள். "புதுசா வந்திருக்காங்க, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அது அவரைப் பாதுகாக்கப்பட வேண்டிய விருந்தாளி ஆக்கிவிடும். "தரைத்தளத்துலேர்ந்து மூணாவது தளம் வரைக்கும் கம்பி செக்கிங் இவங்க. இவங்க கையெழுத்து இல்லாம வண்டி வராது" என்று சொல்லுங்கள்.

அவர் தவறாகச் சொன்னதாகத் தோன்றினால் ஆட்கள் முன்னால் மாற்றாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அவரையே போய் மாற்றச் சொல்லவிடுங்கள். பிறகு, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேலை நடக்கும் இடத்துக்கு அருகே இருக்கிறதா பாருங்கள். ஆபீஸ்வரை நடந்து போய்வர இருபது நிமிடம் ஆனால், அந்த இருபது நிமிடத்தில்தான் ஹோஸ் திறக்கப்படும். போகாமலிருக்கத் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க வெயிலில் நின்ற பெண்கள் பலரை எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று, நல்ல எண்ணத்தோடே நடப்பது: "வெயில்ல ஏன்மா, ஆபீஸ்ல பில் பாரு." ஆறு மாதம் பில் பார்த்தவரை ஸ்லாப் போடும் அன்று மேலே அனுப்பினால் யார் கேட்பார்கள்?

நான் சொன்னதே தவறாகிவிட்டது. இனி யாரும் என்னை மதிக்க மாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது.

எனக்கும் நடந்தது. மூன்றாம் வருடம் என்று நினைவு. ஒரு தூண் வரிசைக்குப் பழைய ட்ராயிங்கை வைத்துக்கொண்டு எட்டுக் கம்பி என்று சொல்லிவிட்டேன். திருத்தி வந்த ட்ராயிங்கில் பத்து. ஏழு தூண் கட்டி முடித்திருந்தார்கள். மேஸ்திரி முந்தின நாளே "எட்டுதானா மேடம்?" என்று கேட்டிருந்தார், அதைச் சோதனை என்று நினைத்து "எட்டுதான்" என்று வேகமாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை, அதே கேங் நிற்கும்போது, அதே இடத்தில் சொன்னேன்: "நான் பழைய ட்ராயிங் பார்த்துச் சொல்லிட்டேன், தப்பு என்னோடது. பத்து வேணும்." ஏழு தூணிலும் ஸ்டிரப்பைத் தளர்த்தி இரண்டிரண்டு கம்பி சேர்க்க ஒரு நாள் பிடித்தது. மாலையில் நோட்டில், இந்த மறுவேலை கேங்கின் தவறால் வந்ததில்லை, ஒரு நாள் கூலி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முகம் சுளித்தார், ஆனாலும் பில்லில் சேர்த்தார்.

அன்றிலிருந்து எந்த ட்ராயிங்கைத் திறந்தாலும் முதலில் வலது கீழ் மூலையில் திருத்த எண்ணையும் தேதியையும் படித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறேன். அந்த மேஸ்திரி அடுத்த தளத்துக்கு வந்தபோது, என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்பு தன் கையில் இருந்த தாளின் அதே மூலையை விரலால் தொட்டுக் காட்டினார். நான் என்னுடையதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே எண்.